நடுவர்கள் முன் தன்னைப் பற்றிப் பேசும் அறம்

மத்திய அரசு வழங்கும் தேசிய நல்லாசிரியர் விருதுக்கு முன்பெல்லாம் மாநில அரசுகளே பெயர்களைப் பரிந்துரைத்தன. 2018 முதல் ஆசிரியர்கள் தாங்களாகவே இணையவழியில் விண்ணப்பிக்கிறார்கள். மாவட்டக் குழுவும் மாநிலக் குழுவும் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள், தேசிய நடுவர் குழுவின் முன் தங்கள் பணியைத் தாங்களே எடுத்துரைக்க வேண்டும். யாரையும் தெரியாத ஓர் ஆசிரியரும் விருது வரை போக இம்முறை வழிசெய்தது. கூடவே ஓர் அறக் கேள்வியையும் எழுப்பியது. தன்னைத் தானே புகழ்வது இழுக்கு என்று கற்பிக்கப்பட்ட ஒருவர், தன் சிறப்பைத் தன் வாயாலேயே சொல்லி விருது கேட்கலாமா?

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எண்ணியிருக்கிறார். எவ்வளவு அரிய நூலைச் செய்தவனானாலும் தன்னைத் தான் புகழ்வது தகாது என்பது நன்னூலின் பொது விதி. நூலின் பாயிரத்தை, அதைச் செய்தவனுக்குக் கற்பித்த ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுத வேண்டும் என்றதும் அதனால்தான். ஆனால் நான்கு இடங்களில் அவர் விதியைத் தளர்த்துகிறார்: அரசனின் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது.

இந்த நான்கிலும் கேட்பவருக்கு உண்மை தெரிய வேண்டிய தேவை இருக்கிறது. தினமும் நம்மோடு வேலை செய்கிறவர்களிடம் நம் பெருமையைச் சொன்னால் அவர்களுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. நம் செருக்குதான் வளரும். நடுவர்களோ அந்த வகுப்பறையைப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி அவர்கள் முடிவெடுக்க வேண்டும். ஆகவே அங்கே பேசுவது தகும். பேச அனுமதி தந்த காரணமே பேச்சின் எல்லையும் ஆகிறது. முடிவெடுக்க அவர்களுக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்வதெல்லாம் தற்புகழ்ச்சி.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்றாம் வகுப்பில் 30 குழந்தைகள். ஜூன் மாதத்தில் 8 பேர்தான் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசித்தார்கள். மார்ச்சில் 24 பேர் வாசித்தார்கள். “வாசிப்பில் ஒரு புரட்சியே செய்தேன்” என்று அவர் நடுவர்களிடம் சொன்னால், ஒரு நடுவர் உடனே கேட்பார்: “2022 முதல் மாநிலம் முழுக்க எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறதே, இதில் உங்கள் பங்கு எது?” பதில் இல்லாவிட்டால் அதுவரை பேசியது அத்தனையும் கேள்விக்குள்ளாகும். அரசுத் திட்டத்தின் பலனையும், மாலையில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் உழைத்த உழைப்பையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டதுதான் இங்கே குற்றம். உரத்த குரலை மன்னிக்கலாம். பிறர் உழைப்பை எடுத்துக்கொள்வதை மன்னிக்க முடியாது.

அதே ஆசிரியை இப்படியும் பேசலாம்: “பாடநூலும் பயிற்சி ஏடும் திட்டத்தில் வந்தவை. பின்தங்கிய குழந்தைகள் வீட்டில் பேசும் சொற்களைக் கேட்டு எழுதி, அவற்றிலிருந்தே வாசிப்பு அட்டைகள் செய்தேன். அது நான் சேர்த்தது. அட்டைகளை வைத்து மாலையில் பயிற்சி தந்தவர் எங்கள் தன்னார்வலர். 6 குழந்தைகளுக்கு இன்னும் வாசிப்பு வரவில்லை. அவர்களில் பலர் அடிக்கடி பள்ளிக்கு வராதவர்கள்.” இதில் ஒரு பெருமைச் சொல்லும் இல்லை. ஆனால் எங்கே தொடங்கினார், என்ன செய்தார், யார் துணை நின்றார், என்ன மிஞ்சியது என்பதெல்லாம் நடுவருக்குத் தெரிந்துவிடுகிறது. சிறந்த பணியா இல்லையா என்று சொல்லும் பொறுப்பும் நடுவரிடமே இருக்கிறது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. “நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் குழந்தைகள்தான்” என்பது கேட்க அடக்கமாக இருக்கும். ஆனால் அதுவும் உண்மையல்ல. அட்டைகளைச் செய்தவர் அதை மறைத்தால், வேறொரு பள்ளி பின்பற்றக்கூடிய ஒரு வழிமுறை வெளியே தெரியாமல் போகும். நடுவர்களும் உரக்கப் பேசியவரை நம்பி முடிவெடுக்க நேரும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அவையில் மழுப்புவது கேட்பவரின் நேரத்துக்கும் மரியாதை ஆகாது.

எந்தப் பக்கம் தவறுகிறோம் என்று கண்டுகொள்ள ஒரு சோதனை போதும். உடன் பணியாற்றும் ஆசிரியர்களும் அந்தத் தன்னார்வலரும் நடுவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு, உரையை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் முன் சொல்லக் கூசும் வரி எதுவோ, அது மிகை. “இதையும் சொல்லியிருக்கலாமே” என்று அவர்கள் கேட்கக்கூடியது எதுவோ, அது தேவையற்ற ஒளிப்பு. முதலாவதை நீக்க வேண்டும். இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். அதன்பின் எஞ்சும் உரையைத் தலைநிமிர்ந்து பேசுவதில் இழுக்கு எதுவும் இல்லை.