ராயா வாழ்த்தும் டயர் கழிவும்

தீபாவளி நெருங்கும்போது நமக்கு வர்ற விளம்பரங்களை நினைச்சுப் பாருங்க. பாதியில் மயில், மீதியில் பாலிவுட் நடனம். இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிஞ்ச 'தீபாவளி'யை விட்டுட்டு 'திவாளி'ன்னு எழுதியிருப்பாங்க. கோபப்படுற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் எழுதியவர் ஒரு தமிழரைக்கூட மனசில் வச்சு எழுதலைன்னு உடனே தெரிஞ்சுடும்.

இதே வேலையை நாம் அடுத்தவருக்குச் செய்தால் எப்படி இருக்கும்? சிலாங்கூரில் கார் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, செமஸ்டர் விடுமுறையில் ஹரி ராயாவுக்கான வாட்ஸ்அப் செய்தியை என்னிடம் கொடுத்தார். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் மலாய்க்காரர்கள். பட்டறையில் ஏற்கெனவே ஒரு மாதிரி தயாராக இருந்தது. கெதுப்பாட் படம், தூண்கள் மேல் நிற்கும் கம்போங் வீடு, 'மாஆஃப் சாஹிர் டான் பாத்தின்', அதற்கு நேர் கீழே 'பாலிக் கம்போங் சலுகை, 20 விழுக்காடு கழிவு, ராயா வரை'.

கெதுப்பாட்டில் தப்பில்லை, அது உண்மையாகவே அன்றைக்கு மேசையில் இருக்கும். எனக்கு இடித்தது கம்போங் வீடு. மாமாவின் வாடிக்கையாளர்களில் ஷா ஆலாம் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மா வீடு அடுத்த தாமானில். அதே பட்டியலில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு அது நோன்புப் பெருநாள். அந்த வீட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

'மாஆஃப் சாஹிர் டான் பாத்தின்' இன்னும் யோசிக்க வேண்டியது. வெளியே தெரிந்தும் உள்ளுக்குள்ளேயும் செய்த பிழைகளை மன்னியுங்கள் என்று பொருள். ராயா காலையில் பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்துச் சொல்கிற வார்த்தை அது. நண்பர்களும் சொல்லிக்கொள்கிறார்கள், கடைகளும் போடுகின்றன, தடையொன்றும் இல்லை. ஆனால் கழிவுக்கு நேர் மேலே வரும்போது அது வெறும் அலங்காரமாகிவிடுகிறது. வண்டியைத் தாமதமாகக் கொடுத்ததற்காக மாமா தன் பெயரைப் போட்டுக் கேட்டால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் இருக்கும்! இருபது விழுக்காடு யாரிடம் என்ன மன்னிப்புக் கேட்கிறது?

அடுத்து, 'ராயா வரை'. இங்கே சியாவால் முதல் நாள் எதுவென்று, பிறை பார்த்த பிறகு அரச முத்திரைக் காப்பாளர் முந்தின இரவு தொலைக்காட்சியில் அறிவிப்பார். பிறை தெரியவில்லை என்றால் ரமலான் 30 நாள். 2022-இல் நாட்காட்டி மே 3 என்றது, அறிவிப்பு மே 2 என்று வந்தது. எத்தனையோ வீட்டில் ரெண்டாங் இன்னும் அடுப்பில் ஏறவில்லை. சிங்கப்பூரில் அந்த வருஷம் மே 3-தான். அதனால் சலுகைக்கு ஆங்கில மாதத் தேதி போட வேண்டும். வாழ்த்தை முன்கூட்டியே நேரம் குறித்து அனுப்பவும் கூடாது. அறிவிப்பு ஒரு நாள் தள்ளிப் போனால், இன்னும் நோன்பில் இருப்பவருக்கு ராயா வாழ்த்து போய்ச் சேரும்.

இங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. வாழ்த்தும் சலுகையும் வேறு வேறு நாளுக்கு உரியவை. நெடுஞ்சாலையில் கிளம்பப் போகிறவருக்கு டயர், பிரேக், கூலண்ட் பார்க்க வேண்டிய நேரம் ரமலான் மாதத்தில்தான் வருகிறது. ராயா காலையில் யாருக்கும் பிரேக் நினைவுக்கு வராது. அதனால் இரண்டு செய்தி என்று முடிவு செய்தோம்.

என் அத்தை மகன் ஒரு கேள்வி கேட்டான்: "எப்படி எழுதினாலும் வியாபாரத்துக்காகத்தானே வாழ்த்து சொல்றோம், அது வேஷம் இல்லையா?" பொருள் விற்பது வேஷம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நாம் பட்டறைக்காரர், அவர் வாடிக்கையாளர், இருவருக்கும் அது தெரியும். பட்டறைக்காரர் அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி நடிக்கும்போதுதான் வேஷம் வருகிறது. நமக்குத் தெரிந்த உறவுக்குள் நின்று பேசினால் போதும்.

நோன்பின் இரண்டாம் வாரத்தில் போன முதல் செய்தி மலாயில். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "செலாமாட் பெர்புவாசா. தூரப் பயணம் போகிறவர்களுக்கு டயர், பிரேக், பேட்டரி, கூலண்ட் சோதனையில் 20 விழுக்காடு கழிவு." கழிவு எந்தத் தேதி வரை என்பது அடுத்த வரியில். அதற்குக் கீழே: "காலை 8-க்கே திறக்கிறோம். பிற்பகல் 5-க்குள் வண்டியைத் தந்துவிடுவோம், நோன்பு திறக்க வீட்டில் இருக்கலாம்." படம் எதுவும் இல்லை, பட்டறையின் முகப்பு மட்டும். கடைசி வரியை மாமா சேர்த்தார், எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, அறிவிப்பு வந்த இரவில், அதை டிவியில் பார்த்த பிறகு: "செலாமாட் ஹரி ராயா ஐடில்ஃபித்ரி. உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் எங்கள் பட்டறையிலிருந்து." விலை, கழிவு எதுவும் இல்லை. தமிழ் முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் மாமா 'நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்' என்று தன் கைப்பேசியில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று ஆகிவிட்டது.