மகிழ்ச்சியைச் சொல்லும் முறைமை

பல்கலைக்கழகமொன்றில் நான்கு ஆண்டுகள் ஒன்றாகப் பயின்ற மாணவியர் இருவர். இருவருக்கும் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கின்றது, உதவித்தொகையும் கிடைக்கின்றது. கொழும்பிலுள்ள தூதரகத்தில் இருவரும் நேர்முகத்துக்குச் செல்கின்றனர். ஒருத்திக்கு விசா வழங்கப்படுகின்றது, மற்றவளுக்கு மறுக்கப்படுகின்றது. அன்று மாலை, விசா பெற்றவள் முகநூலில் ஒரு படத்தை இட்டு அதன்கீழ் இரண்டு வரி எழுத முனைகின்றாள். அவ்விரு வரியில் எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது என்பது சிறிய வினாவாகத் தோன்றினும் அறவியல் சார்ந்த வினாவேயாகும்.

அவள் முதலில் எழுதிய வாசகம் இது: “உழைப்பு ஒருநாளும் வீண்போவதில்லை. இறைவன் கைவிடவில்லை.” இதில் நாடும் இல்லை, நாளும் இல்லை, தற்புகழ்ச்சி என்று சொல்லத்தக்க சொல்லும் இல்லை. ஆயினும் மறுக்கப்பட்டவள் இதனை வாசிக்கும்போது, தன் உழைப்பு வீண்போயிற்று என்றும், தன்னை இறைவன் கைவிட்டான் என்றும் பொருள்கொள்ளாதிருத்தல் அரிது. அவளைப் புண்படுத்துவது தோழியின் மகிழ்ச்சியன்று. அம்மகிழ்ச்சிக்குக் கற்பிக்கப்பட்ட காரணமே.

அக்காரணம் உண்மையானதுதானா என்பதும் ஆராயத்தக்கது. 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(b) பிரிவின்படி, மாணவ விசாவுக்கு விண்ணப்பிப்பவர் அங்கேயே குடியேற எண்ணுபவர் என்றே முதலில் கருதப்படுவார். அவ்வாறன்று என அதிகாரியை நம்பச் செய்யும் பொறுப்பு விண்ணப்பதாரியைச் சார்ந்தது. சில நிமிட உரையாடலில் அதிகாரி சீர்தூக்குவது பெரும்பாலும் தாய்நாட்டோடு அவருக்குள்ள பிணைப்பையும் பயண நோக்கத்தையுமேயாகும். அம்மறுப்பு மாணவியின் கல்வித் தகுதிக்கோ உழைப்புக்கோ அளிக்கப்பட்ட தீர்ப்பன்று. எனவே விசாவை உழைப்பின் பரிசு எனக் கூறுவது, இரக்கமின்மை என்பதோடு துல்லியமின்மையும் ஆகும்.

பொறாமை எவரிடத்து எழுகின்றது என்பதை அரிஸ்டோட்டில் தமது சொற்கலை நூலின் இரண்டாம் பகுதியில் விளக்கியுள்ளார். குலம், வயது, நிலை ஆகியவற்றில் தம்மை ஒத்தோர்மீதே மாந்தர் பொறாமை கொள்கின்றனர் என்பது அவர் கருத்து. அரசன் வெளிநாடு செல்வதைக் கண்டு எவரும் வருந்துவதில்லை. ஒரே வாங்கில் இருந்து படித்தவள் செல்வதே நெஞ்சை உறுத்துகின்றது. ஆகவே அவ்வாசகத்தை எழுதுபவள் மனத்திற்கொள்ள வேண்டியது ஊராரையன்று, அந்த ஒருத்தியையே.

விவரங்களை மறைத்தல் பொய்ம்மையாகாதோ எனச் சிலர் வினவலாம். கேட்கும் உரிமையுடையாரிடம் உண்மையைத் திரித்துக் கூறுவது பொய். எல்லார்க்கும் எல்லாவற்றையும் கூறாதிருத்தல் பொய்யன்று. கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசாவைப் படமெடுத்து இடுவோர், மேலேயுள்ள பெயரை மறைத்துவிட்டு அமைதியடைகின்றனர். அடியில் இயந்திரம் வாசிப்பதற்கென அச்சிடப்பட்ட இரண்டு வரிகளில் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் பிறந்த திகதியும் மீண்டும் உள்ளன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. புறப்படும் நாளைக் கூறின் வீடு ஆளின்றியிருக்கும் நாளும் கூறப்பட்டதாகும். மேலும், விசா என்பது அந்நாட்டின் வாயில்வரை செல்வதற்கான இசைவே. உள்ளே அனுமதிப்பதை அங்குள்ள அதிகாரியே தீர்மானிப்பார். முடிவுறாத ஒன்றை முடிந்ததாக முழங்காமையும் உண்மை பேணுதலேயாகும்.

எஞ்சியிருப்பது நன்றி. நன்றி என்பது ஒருவர் செய்த உதவியை நினைந்து அவரை நோக்கிக் கூறப்படுவது. பொதுவில் மட்டும் கூறப்படும்போது அது காட்சிப்பொருளாக மாறிவிடக்கூடும். ஆதலால் பரிந்துரைக் கடிதம் எழுதிய ஆசிரியருக்கும், வங்கிப் பத்திரங்களுக்காக அலைந்த தந்தைக்கும் அவள் முதலில் நேரே நன்றி சொல்வதே முறை. அதன்பின் எழுதும் வாசகம் இவ்வாறு அமையலாம்: “காத்திருந்த பதில் இன்று நல்லதாக வந்தது. மனம் நிறைந்திருக்கிறது. கடிதம் எழுதித் தந்தோர், படிவம் திருத்தித் தந்தோர், வாசலில் உடன் காத்திருந்தோர் அனைவர்க்கும் நன்றி.” இங்கு மகிழ்ச்சி குறைக்கப்படவில்லை, அதற்குத் தகுதியொன்று காரணமாக்கப்படவுமில்லை.

இத்துணை கவனித்தும் பொறாமை முற்றாக எழாது எனக் கூறுதல் இயலாது. பிறர் ஆக்கங் கண்டு மகிழும் முதிதையைப் பௌத்தம் பயின்று பெறவேண்டிய பண்பாகவே கொள்கின்றது. அப்பயிற்சி வாசிப்பவரின் கடமை. எழுதுபவரின் கடமை அதனைக் கடினமாக்காதிருத்தலே. வாசலில் உடன் காத்திருந்தோருள் விசா மறுக்கப்பட்ட தோழியும் ஒருத்தி. அவ்வாசகம் வெளியாகுமுன் அவளிடம் நேரில் சென்று செய்தியைச் சொல்வதே முதற்கடன்.