கம்பிவலை இல்லாத சிறுத்தை

கூண்டுக்குள் இருக்கும் சிறுத்தையைப் படமெடுக்கும்போது முன்னால் நிற்கும் கம்பிவலையை மறையவைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படமெடுக்கும் நொடியில் லென்ஸின் வழியாக நடப்பது. மற்றது, வீட்டுக்கு வந்தபின் கணினியில் நடப்பது. முதலாவதைத் திறமை என்றும் இரண்டாவதைத் தில்லுமுல்லு என்றும் புகைப்படக்காரர்கள் பலர் சொல்வதுண்டு. இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி.

முதல் வழியில் மாயம் ஒன்றுமில்லை. 200 மி.மீ. லென்ஸில் f/4 வைத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் 50 மி.மீ. வலையின் கம்பி 3 மி.மீ. பருமன் என்று கொள்வோம். லென்ஸை வலையோடு ஒட்டினாற்போல் வைத்து, பத்து மீட்டர் தள்ளிப் படுத்திருக்கும் சிறுத்தையின் கண்ணில் ஃபோகஸ் செய்தால், அந்தக் கண்ணிலிருந்து வரும் ஒளியில் சிறு பங்கைத்தான் கம்பி தடுக்கிறது. மீதி ஒளி கம்பியின் இருபுறமும் உள்ளே வந்து சேர்ந்துவிடும். அதே லென்ஸை f/16-க்குக் குறுக்கினால் துளை 12.5 மி.மீ. ஆகிறது, இப்போது ஒரு கம்பி குறுக்கே வந்தாலே கால் பங்குக்கு மேல் மறைத்துவிடும், படத்தில் மங்கலான பட்டைகள் விழும். வலை மேல் வெயில் அடித்தால் அகலத் துளையும் கைகொடுக்காது. துத்தநாகம் பூசிய கம்பி ஒளியைத் தெறிக்கவிட்டுப் படம் முழுவதையும் வெளிறச் செய்யும். சிறுத்தை வலையோடு உரசி நடக்கிறது என்றால் வழியே இல்லை: கம்பியும் ரோமமும் ஒன்றாகவே கூர்மையாக விழும். (லென்ஸை ஒட்டவைப்பதற்காகத் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டுவது படத்தின் அறம் பற்றிய கேள்வி அல்ல, விரல்களைப் பற்றிய கேள்வி.)

லென்ஸ் தோற்ற இடத்தில்தான் கணினி வருகிறது. குளோன் ஸ்டாம்ப் கொண்டு பக்கத்து ரோமத்தை எடுத்துக் கம்பி மேல் பூசுவது பழைய முறை. 2010-இல் ஃபோட்டோஷாப்பில் வந்த, சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்ளும் வசதி இந்த வேலையை நிமிடங்களாகச் சுருக்கியது. முறை எதுவானாலும் நடப்பது ஒன்றே: கம்பிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேமராவுக்குத் தெரியாது, அதனால் இருந்திருக்கக்கூடிய ஒன்று அங்கே வைக்கப்படுகிறது. கூர்ந்து பார்த்தால் தையல் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் அச்செடுத்தாற்போல் ஒரே வடிவில் இருக்கும். மீசைமுடி பாதியில் நின்று, சற்றுத் தள்ளி வேறு கோணத்தில் மறுபடி தொடங்கும். கன்னத்தில் மறைந்த வலை, பின்னணி இலைகளின் மேல் மங்கலாக அப்படியே தங்கியிருக்கும்.

சிறுத்தையின் விஷயத்தில் இது சில்லறைப் பிழை இல்லை. உடலில் உள்ள வளையப் புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு சிறுத்தைக்கும் தனித்தனி. தானியங்கிக் கேமராவில் பதிந்த சிறுத்தைகளை ஆய்வாளர்கள் தனித்தனியே அடையாளம் காண்பது அந்தப் புள்ளிகளை வைத்துத்தான். பக்கவாட்டில் நாலைந்து கம்பிகள் ஓடிய இடத்தில் புள்ளிகளை இட்டுநிரப்பிய படம், எங்கும் வாழாத ஒரு சிறுத்தையின் படம். ஒரு காயத் தழும்போ முடி உதிர்ந்த திட்டோ அந்தக் கம்பிக்குப் பின்னால் இருந்திருந்தால், அதுவும் ஆரோக்கியமான ரோமமாகி இருக்கும்.

இடையில் மூன்றாவது முறை ஒன்று இருக்கிறது, அது இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. விலங்கு அசையாமல் படுத்திருக்கும்போது கேமராவைச் சற்றே நகர்த்தி நகர்த்திச் சில படங்கள் எடுத்தால், ஒன்றில் கம்பி மறைத்த இடம் இன்னொன்றில் தெரியும். அவற்றைப் பொருத்தி ஒட்டினால் நிரம்புவது அதே விலங்கின் ரோமம். கணினியில் செய்த வேலைதான், ஆனால் இதில் கற்பனை இல்லை. ஆக, கோடு லென்ஸுக்கும் கணினிக்கும் நடுவே ஓடவில்லை. அந்த இடத்தை நிரப்பியது விலங்கிலிருந்து வந்த ஒளியா, இல்லையா என்பதே முதல் கேள்வி.

இந்தக் கேள்வியில் தேறிய படமும் பொய் சொல்லலாம். வலை லென்ஸிலேயே கரைந்து, பின்னால் பச்சை மட்டும் மங்கித் தெரியும் படத்தைப் பார்ப்பவர் அதைக் காடு என்றுதான் எடுத்துக்கொள்வார். சிறுத்தையின் உடலைப் பற்றி அப்படம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறது. இந்த இரண்டாம் வகைப் பொய்க்குக் கம்பியே தேவையில்லை என்பதை லண்டனில் நடந்த ஒரு விவகாரம் காட்டியது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் பிபிசி வைல்ட்லைஃப் இதழும் நடத்திய போட்டியில், 2009-இன் முதல் பரிசு ஸ்பானியப் புகைப்படக்காரர் ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸுக்குக் கிடைத்தது. இரவில் ஓர் ஓநாய் மரக்கதவைத் தாண்டிப் பாயும் படம். 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது: அது மாட்ரிட் அருகே ஒரு விலங்குப் பூங்காவில் பழக்கப்பட்ட ஒஸ்ஸியான் என்ற ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுசெய்தார்கள். ரோட்ரிகஸ் அதை மறுத்தார். படத்தில் ஒட்டுவேலை நடந்ததாகக் குற்றச்சாட்டு எழவில்லை. ஓநாயின் உடற்குறிகளை ஒஸ்ஸியானின் படங்களோடு ஒப்பிட்டபோது சந்தேகம் வலுத்தது. உடலைப் பற்றிய உண்மை படத்தில் கெடாமல் இருந்ததால்தான் வாழ்க்கையைப் பற்றிய கேள்வியை எழுப்ப முடிந்தது. இட்டுநிரப்பிய ரோமம் அந்தத் தடயத்தையும் அழித்துவிடும். இரண்டு பொய்களில் எது கனமானது என்றால், இந்தக் காரணத்தால் முதலாவதுதான்.

பன்னாட்டுப் புகைப்படக் கூட்டமைப்புகளின் போட்டி விதிகள் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. இயற்கைப் பிரிவில் படத்திலிருந்து எதையும் நீக்கக் கூடாது, விளிம்பை வெட்டலாம். காட்டுயிர்ப் பிரிவில் பூங்கா விலங்குக்கே இடமில்லை. சந்தேகம் வந்தால் கேமராவின் மூலக்கோப்பைக் கேட்பார்கள். போட்டிக்கு இது போதும். ஆனால் பெரும்பாலான படங்கள் போட்டிக்குப் போவதில்லை. ‘பூங்காவில் எடுத்தது’ என்று அடியில் ஒரு வரி எழுதினால் இரண்டாம் பொய் தீரும் என்பது உண்மை. அந்த வரி படத்தோடு ஒட்டியிருக்கும் வரைக்கும். வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறினால் படம் மட்டும் மிஞ்சும், மூன்றாவது கை ‘வால்பாறையில் நேற்று இரவு’ என்று எழுதும். அங்கே தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது வெறும் அழகுப்படம் இல்லை.

அதற்காக, வலையை விட்டுவைத்தாலே உண்மை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பெரிய மரங்களும் மறைவிடங்களும் உள்ள விசாலமான அடைப்பின் முன் நின்று, கம்பியில் ஃபோகஸ் வைத்து, பின்னால் கண்களை மங்கவிட்டால் சிறைச்சாலை தயார். இரக்கம் விற்பவர்களுக்கும் அதே லென்ஸ்தான்.

ஆகவே கேட்க வேண்டியது, படத்தால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை. குழந்தையோடு போய்வந்தவர் வீட்டுச் சுவரில் மாட்டக் கம்பியை அழித்தால் ஏமாறுபவர் எவருமில்லை. சிறுத்தையைக் கூண்டில் பார்த்தவர்களேதான் அந்த வீட்டில் இருக்கிறார்கள். கூண்டை நடத்தும் நிர்வாகமே தன் விளம்பரப் பலகைக்காகக் கம்பியை நீக்கினால் கதை வேறு. விலங்கு எவ்வளவு இடத்தில், எதற்குப் பின்னால் வாழ்கிறது என்பதுதான் நுழைவுச்சீட்டு வாங்குபவர் அறிய உரிமையுள்ள விவரம், அதைத்தான் அந்தப் பலகை துடைக்கிறது. அங்கே லென்ஸால் கரைத்ததும் கணினியால் அழித்ததும் ஒன்றே. பலகைக்குப் பக்கத்திலேயே அடைப்பின் அகலத்தையும் நீளத்தையும் எழுதிவைக்கும் பூங்கா, கம்பியைத் தாராளமாக எடுத்துவிட்டுப் போகட்டும்.