படியிறங்கும் நேரமும் கணக்கில் சேரட்டும்

"32 பேர், நவக்கிரகக் கோயில்கள், சாப்பாட்டுடன் தலைக்கு எவ்வளவு?" டிராவல்ஸ்காரருக்கு இப்படி எழுதினால், கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது கோயில்களையும் சுற்றிக்காட்டும் வழக்கமான திட்டம்தான் பதிலாக வரும். போகிறவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒருவர் பேருந்திலிருந்து இறங்க அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 32 பேர் இறங்க 16 நிமிடம்; ஏற இன்னொரு 16. ஒன்பது கோயில்களுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வாசற்படியிலேயே போய்விடும். நடை பெரும்பாலும் நண்பகலை ஒட்டிச் சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும் என்பதால், மிஞ்சும் நேரத்தில் முதியவர்கள் ஓடத்தான் வேண்டியிருக்கும். ஆகவே கடிதத்தின் முதல் வரியிலேயே இரண்டு நாள் என்று கேட்டுவிட வேண்டும். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர் ஒரு நாள். கும்பகோணத்தில் லிஃப்ட் உள்ள விடுதியில் இரவு. மறுநாள் வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. திருநள்ளாறு புதுச்சேரி ஆட்சிப்பகுதி. பெர்மிட் செலவு வாடகையில் அடக்கமா என்பதையும் கேட்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பாட்டிகள் ஏராளம். வெயிலில், வரிசையில் நிற்கும்போது தலைசுற்றுவது அதனால்கூட இருக்கும். "ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள இடமாக, இடங்களின் பெயர்களைக் குறிப்பிடவும்" என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால், அது எல்லோருக்குமான ஏற்பாடாகிவிடும். தனியாக ஒருவர் கைதூக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்காக, மதியச் சாப்பாடு இத்தனை மணிக்குள் என்பதும் அப்படித்தான். 'தரமான உணவு' என்ற சொல் நேரத்தைச் சொல்வதில்லை.

விலையைத் தலைக்கணக்கில் மட்டும் வாங்கக் கூடாது. முதியவர் குழுவில் கடைசி வாரத்தில் யாருக்காவது முடியாமல் போவது இயல்பு. பேருந்து வாடகை 48,000 ரூபாய் என்றால், 32 பேருக்குத் தலைக்கு 1,500. ஐந்து பேர் நின்றுவிட்டால் அதுவே 1,778 ரூபாய் ஆகிறது. வாடகை, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் ஆகியவற்றைத் தனியாகவும், அறையையும் சாப்பாட்டையும் ஆளுக்கு இவ்வளவு என்றும் பிரித்துக் கேட்டால், வராமல் போனவரின் பங்கு யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். இல்லாவிட்டால், உடம்பு முடியாதவர் அந்தச் சங்கடத்துக்காகவே கிளம்பி வந்துவிடுவார்.

இரண்டு கேள்விகள் இன்னும் உண்டு. முதல் படி உயரமாக இருந்தால் கீழே போட அகலமான மரப்பலகை தருவார்களா? ஏதோ ஒரு கோயிலில் முட்டி வலியால் இறங்க முடியாமல் நாலைந்து பேர் உள்ளேயே உட்கார்ந்துவிட்டால், அவர்களுக்காக வண்டி நிற்கும்போதும் ஏசி ஓடுமா? அதற்கான டீசல் கட்டணம் தனி என்றாலும், தொகையைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.