முன்கதை ஏன் பின்னால் வருகிறது?

ஒடிஸியை முதல்முறை வாசிப்பவருக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. மொத்தம் 24 காண்டங்கள். அதில் முதல் நான்கில் நாயகன் வருவதே இல்லை. ஐந்தாவதில் வரும்போது ஒடிஸியஸ் கலிப்ஸோவின் தீவில், கடலைப் பார்த்தபடி அழுதுகொண்டிருக்கிறான். டிராய் போர் முடிந்து பத்தாவது வருடம் அது. ஒற்றைக்கண் அரக்கன், மனிதர்களைப் பன்றிகளாக்கும் சிர்சி, இறந்தவர்களின் உலகம் என்று நாம் கேள்விப்பட்ட சாகசங்கள் எல்லாம் ஏற்கனவே முடிந்துவிட்டன. ஒன்பதாம் காண்டம் முதல் பன்னிரண்டாம் காண்டம் வரை அவனே வாய்விட்டுச் சொல்லும்போதுதான் நமக்கு அவை தெரியவருகின்றன.

ஹோமரின் இந்தப் பழக்கத்தை ரோமக் கவிஞர் ஹோரேஸ் பாராட்டியிருக்கிறார். டிராய் போரைச் சொல்ல வந்தவர், ஹெலன் பிறந்த முட்டையிலிருந்து ஆரம்பிக்காமல், கேட்பவருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதுபோல் நேராக நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார் என்கிறார். ஏன் அப்படிச் செய்யவேண்டும் என்று யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில், "அப்பதான் சுவாரஸ்யமா இருக்கும்" என்பது. தப்பில்லை. ஆனால் அந்தப் பதில் நடுவில் தொடங்குவதை மட்டும்தான் விளக்குகிறது. பிறகு திரும்பிப் போய் முன்கதையைச் சொல்வது ஏன்? சுவாரஸ்யம்தான் நோக்கம் என்றால் பழையதை அப்படியே விட்டுவிடலாமே?

இதற்கு ஒடிஸிக்குள்ளேயே பதில் இருப்பதாக நினைக்கிறேன். ஒடிஸியஸ் வாய் திறக்கும் அந்தச் சூழலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தெப்பம் உடைந்து, உடம்பில் துணிகூட இல்லாமல் ஃபேயசியர்களின் தீவில் ஒதுங்குகிறான். அரசி அரெட்டி, நீ யார், இந்த உடையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கிறாள். கலிப்ஸோவின் தீவிலிருந்து வந்ததைச் சொல்கிறான், உடை கிடைத்த கதையைச் சொல்கிறான், பேரை மட்டும் சொல்வதில்லை. மறுநாள் விருந்து. டெமோடோகஸ் என்ற பார்வையற்ற பாணன் டிராய் போரைப் பாடுகிறான். பெயர் தெரியாத இந்த விருந்தாளி மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். பிறகு அவனே மரக்குதிரையின் கதையைப் பாடச் சொல்கிறான், பாடியதும் மறுபடி அழுகிறான். அரசன் அல்சினூஸ் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்கிறான்: உன் பேர் என்ன, ஊர் எது, டிராயின் கதையைக் கேட்டால் உனக்கு ஏன் அழுகை வருகிறது?

அதன் பிறகுதான் ஒன்பதாம் காண்டம், அதன் பிறகுதான் பெயர்.

முன்கதையை முதலிலேயே சொல்லியிருந்தால் அது தகவல். ஒருவன் போருக்குப் போனான், திரும்பும் வழியில் இன்னின்ன இடங்களில் மாட்டிக்கொண்டான் என்று கேட்டுக்கொண்டே போவோம். இங்கே அது பதிலாக வருகிறது. அழுகையைப் பார்த்துவிட்டோம், காரணம் தெரியவில்லை. அந்த இடத்தில் வந்து உட்காருகிறது கடந்தகாலம். வாழ்க்கையிலும் நாம் மனிதர்களை இப்படித்தான் அறிகிறோம். யாரும் தன் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு நமக்கு அறிமுகமாவதில்லை. ஒரு கோபமோ ஒரு மௌனமோ முதலில் தெரிகிறது. "ஏன் இவன் இப்படி இருக்கான்?" என்ற கேள்வி பிறகு வருகிறது. இது வெறும் உத்தி இல்லை. கேள்வி பிறந்த பிறகுதான் கடந்தகாலத்துக்கு அர்த்தம் வருகிறது.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பதில் என்றால் அது யாரோ ஒருவருக்குச் சொல்லப்படுவது. சொல்பவனுக்குக் கேட்பவரிடம் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. ஒடிஸியஸுக்கு வேண்டியது ஊர்போய்ச் சேர ஒரு கப்பல். பதினொன்றாம் காண்டத்தில் கதையை நடுவில் நிறுத்துகிறான், தூங்கப் போகலாமா என்கிறான். அரங்கம் மயங்கிக் கிடக்கிறது. இவனுக்கு இன்னும் பரிசுகள் தரவேண்டும் என்கிறாள் அரெட்டி. ஊர் ஊராகப் பொய் சொல்லித் திரிகிறவர்களைப்போல நீ தெரியவில்லை, பாணனைப்போலத் தேர்ந்து சொல்கிறாய் என்கிறான் அல்சினூஸ். நிறையப் பரிசுகள் தருவீர்கள் என்றால் ஒரு வருடம்கூட இருக்கத் தயார், கை நிறையக் கொண்டு போனால்தானே ஊரில் மதிப்பு என்கிறான் ஒடிஸியஸ். பிறகு கதை தொடர்கிறது. ஹோமர் இதை மறைக்கவே இல்லை. முன்கதைக்கு ஒரு விலை உண்டு என்பதைக் கதையின் நடுவிலேயே காட்டிவிடுகிறார்.

சரி, அவன் சொல்வதெல்லாம் பொய்யா? இல்லை. அரக்கனின் கண்ணைக் குருடாக்கியதை முதல் காண்டத்திலேயே சீயஸ் சொல்கிறார். அடிப்படைச் சம்பவங்களுக்கு வேறு சாட்சி இருக்கிறது. கேள்வி, பழி எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதுதான்.

காவியத்தின் முதல் சில வரிகளிலேயே, தோழர்கள் தங்கள் மடத்தனத்தால்தான் அழிந்தார்கள், சூரியக் கடவுளின் மாடுகளைத் தின்றார்கள் என்று கவிஞர் சொல்லிவிடுகிறார். நாமும் அதை நம்பிக்கொண்டுதான் வருகிறோம். ஆனால் ஒடிஸியஸ் டிராயிலிருந்து கிளம்பியபோது அவனிடம் இருந்தவை 12 கப்பல்கள். மாடுகள் இருந்த தீவுக்கு வந்து சேர்ந்தது ஒன்று. மீதி 11-ம் லாஸ்ட்ரிகோனியர்கள் என்ற ராட்சதர்களின் துறைமுகத்தில் ஆட்களோடு அழிந்துபோயின. எல்லோரும் துறைமுகத்தின் உள்ளே நங்கூரமிட, ஒடிஸியஸ் மட்டும் தன் கப்பலை வெளியே கட்டினான். ஏன் என்று அவன் சொல்வதில்லை. அங்கே செத்தவர்கள் யாரும் மாட்டைத் தொடவில்லை.

அரக்கனின் குகையிலும் அப்படித்தான். பாலாடைக்கட்டியையும் ஆட்டுக்குட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தோழர்கள் கெஞ்சினார்கள். அவன் கேட்கவில்லை. ஆறு பேர் தின்னப்பட்டார்கள். தப்பித்துக் கடலுக்கு வந்த பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று அவர்கள் தடுக்கத் தடுக்கத் தன் பெயரையும் ஊரையும் கத்திச் சொன்னான். பெயர் தெரிந்ததால்தான் அரக்கனால் தன் தந்தை பொசைடனிடம் சாபம் கேட்க முடிந்தது: இவன் ஊர்போய்ச் சேர்வதானால் தாமதமாக, தோழர்கள் எல்லோரையும் இழந்து போகட்டும் என்று.

இதே சம்பவங்களை வரிசையாகச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒவ்வொரு தீவிலும் சில பேர் சாவதை, தலைவனின் முடிவுகளோடு சேர்த்து, அந்தந்த நேரத்தில் பார்த்திருப்போம். ஐந்தாம் காண்டத்தின் அழுகைக்கு வரும்போது இவன்மீது நமக்கு ஒரு வழக்கே இருந்திருக்கும். நடுவில் தொடங்கியதால் வழக்கு தலைகீழாகிறது. முதலில் அழுகிறவனைப் பார்த்தோம், அவன் மகனின் தவிப்பைப் பார்த்தோம், அவன் வீட்டில் உட்கார்ந்து தின்று தீர்க்கிற கூட்டத்தைப் பார்த்தோம். மனசு அவன் பக்கம் சாய்ந்த பிறகுதான் செத்தவர்களின் கணக்கு நம் முன்னால் வைக்கப்படுகிறது. உண்மை ஒன்றுகூட மாறவில்லை, வரிசை மட்டும் மாறியிருக்கிறது. அது போதும், தீர்ப்பு மாறிவிடுகிறது.

என் தொழிலிலும் இதைப் பார்க்கிறேன். ஒரு மென்பொருள் நள்ளிரவில் படுத்துவிட்டால், மறுநாள் அதற்கான அறிக்கை எழுதவேண்டும். முடிவிலிருந்துதான் பின்னோக்கிப் போவோம். ஆறு மாதங்களுக்கு முன்னால் யாரோ மாற்றிய ஒரு வரி அப்போது பெரிய ‘காரணமாக’ எழுந்து நிற்கும். அன்றைக்கு அந்த வரியோடு சேர்ந்து மாறிய மற்ற நூறு வரிகள் முன்கதையில் இடம்பெறாது. அவை நடக்காமல் இல்லை, முடிவுக்கு அவை தேவைப்படவில்லை. பின்னால் எழுதப்படும் முன்கதையில் எது நுழையலாம் என்பதை முடிவுதான் தீர்மானிக்கிறது.

அப்படியென்றால் நடுவில் தொடங்கும் கதை எல்லாமே ஏமாற்றா? அப்படி நினைக்கவில்லை. யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிலப்பதிகாரம் நடுவில் தொடங்குவது இல்லை. ஆனால் கோவலனைப் பற்றிய சில செய்திகளை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. மனைவியை விட்டுப் போனவன், பொருளைத் தொலைத்தவன் என்றுதான் அவனை அறிந்திருக்கிறோம். மதுரைக்கு வெளியே, அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவன் வந்து அவனுடைய பழைய செயல்களைச் சொல்கிறான். யானையிடம் சிக்கிய முதியவரைக் காப்பாற்றியது, கீரிப்பிள்ளையைக் கொன்றதால் கணவனால் கைவிடப்பட்டவளுக்குப் பொருள் கொடுத்து வாழ்க்கையை மீட்டுத் தந்தது. அடுத்த காதை கொலைக்களக் காதை. கோவலன் தானே இதைச் சொல்லியிருந்தால் நமக்குக் கூசியிருக்கும். வேறொருவன் சொல்கிறான், சொல்வதால் அவனுக்கோ கோவலனுக்கோ எதுவும் கிடைக்கப்போவதில்லை. அதனால் அந்த முன்கதை சாட்சியம்போல ஒலிக்கிறது.

ஒடிஸியஸின் முன்கதை வாக்குமூலம். வாக்குமூலத்தைக் கேட்கும்போது செய்யவேண்டியதை நாமும் செய்யலாம்: வேறு யாருக்கு இது தெரியும், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடலாம். தேடினால் கிடைக்கிறது; ஹோமர் அதை அழிக்காமல் விட்டுவைத்திருக்கிறார். பத்தாம் காண்டத்தில் யூரிலோக்கஸ், குகையில் போனவர்கள் இவனுடைய அடங்காத்தனத்தால்தான் செத்தார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அதை நமக்குச் சொல்வதும் ஒடிஸியஸ்தான், அவனைக் கொல்ல வாளை எடுக்க நினைத்ததையும் சேர்த்துச் சொல்கிறான். கடைசிக் காண்டத்தில் யூபைதீஸ் என்ற தந்தை ஊர்ச்சபையில் எழுந்து, இவன் கப்பல்களையும் தொலைத்தான், ஆட்களையும் தொலைத்தான், திரும்பி வந்து நம் பிள்ளைகளையும் கொன்றான் என்று அழுகிறார். ஃபேயசியர்கள் மயங்கிக் கேட்ட அதே கதைதான் இது. இங்கே குற்றப்பத்திரிகையாக வாசிக்கப்படுகிறது.

எனக்கு மறக்கமுடியாதவர் இரண்டாம் காண்டத்தில் வரும் எஜிப்டியஸ். முதுகு வளைந்த கிழவர். ஒடிஸியஸ் போன பிறகு முதல்முறையாகக் கூடும் ஊர்ச்சபையில் முதலில் பேச எழுகிறவர். அவர் மகன் ஆன்டிஃபஸ் ஒடிஸியஸுடன் கப்பலேறிப் போனவன். அந்த மகனைக் குகையில் அரக்கன் தின்றுவிட்டான் என்பதை அந்த இடத்திலேயே கவிஞர் நமக்குச் சொல்லிவிடுகிறார். கிழவருக்குத் தெரியாது. மகனை நினைத்துக் கண்ணீரோடு பேசுகிறார். ஏழு காண்டங்கள் கழித்து அந்தக் குகையின் கதை ஒரு தூரதேசத்து அரண்மனையில், விருந்துக்குப் பிறகு, அற்புதமாகச் சொல்லப்படுகிறது. கேட்டவர்கள் பரிசு கொடுத்தார்கள். கிழவருக்கு அதைச் சொல்ல அந்தக் காவியத்தில் யாரும் போவதில்லை.