எந்த வரிசையில் சொல்வது

ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் 1928 பிப்ரவரி 16 என்று தேதி இருக்கிறது. ஒரு பக்கம்கூட வராத சின்னக் கடிதம். அதன் முதல் வாக்கியத்திலேயே காம்ப்டன் வந்துவிடுகிறார். எக்ஸ் கதிரை அணுக்கள் சிதறடிக்கும்போது அலைநீளம் மாறாத சிதறல், மாறிய சிதறல் என்று இரண்டு வகை உண்டு. அப்படியானால் சாதாரண ஒளியிலும் இரண்டு வகை இருக்கவேண்டும். அதைச் சோதிக்க வேண்டிய அவசியம் எழுந்தது, சோதித்தோம், எதிர்பார்த்தபடியே இருந்தது. இதுதான் கடிதம் போகிற போக்கு. கருதுகோள் முன்னால் நடக்கிறது, சோதனை அதன் பின்னால் வருகிறது.

நடந்த வரிசை வேறு. கல்கத்தாவில் ராமனிடம் வேலை பார்த்த கே.ஆர். ராமநாதன் 1923லேயே இதைப் பார்த்துவிட்டார். சூரிய ஒளியை ஒரு ஃபில்டர் வழியாகத் திரவத்துக்குள் விட்டு, முதல் ஃபில்டர் விடும் நிறத்தை முழுக்கத் தடுக்கிற இன்னொரு ஃபில்டரைக் கண்ணுக்கு முன்னால் வைத்தால், எதுவுமே தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஒரு தடம் தெரிந்தது. திரவத்தில் கலந்த அசுத்தம் ஒளிர்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தினார்கள். தடம் போகவில்லை. ‘மெல்லிய ஒளிர்வு’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு கிருஷ்ணன் வேறு திரவங்களிலும் அதைக் கண்டார். 1927 கடைசியில் வெங்கடேஸ்வரன் சுத்தமான கிளிசரினில் நீலத்துக்குப் பதில் பச்சையைப் பார்த்தார். காம்ப்டனுக்கு நோபல் கிடைத்ததும் அந்த வருடக் கடைசியில்தான்.

அப்போது அந்தக் கடிதம் பொய்யா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பிப்ரவரியில் அவர்கள் காம்ப்டனை மனதில் வைத்துத்தான் சோதித்தார்கள். ஆனால் ஐந்து வருடமாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த ஒரு தடம் இல்லாமல் அந்த எதிர்பார்ப்பு வந்திருக்குமா? கடிதத்தில் அந்தத் தடத்துக்கு இடமில்லை. ராமன் அதை மறைத்தார் என்று யாரும் சொல்லமுடியாது. அடுத்த மாதமே பெங்களூரில் பேசியபோது ராமநாதனைச் சொன்னார். 1930 டிசம்பரில் நோபல் உரையில் கடலின் நிறத்தில் ஆரம்பித்து, நடந்த வரிசையிலேயே எல்லோர் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரே கண்டுபிடிப்பு, இரண்டு வரிசை.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது இன்னொன்று. காம்ப்டன் ஒப்புமை கடைசிவரை நிற்கவில்லை. காம்ப்டன் விளைவில் மாற்றத்தின் அளவு சிதறும் கோணத்தைப் பொறுத்தது. ராமன் விளைவில் அது மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. கடிதத்தின் முதல் வாக்கியம் பழசாகிவிட்டது. இரண்டு ஃபில்டருக்கு நடுவில் தெரிந்த தடம் பழசாகவில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்கள் கோவில்பதாகையில் அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெண். தாவரவியலில் ஆய்வேடு எழுதுகிறாள். ஆய்வேடுகளுக்குப் பிழை திருத்துவது எனக்குப் பகுதிநேர வேலை. “அக்கா, கைடு ரிசல்ட்ஸ் சாப்டரை ஹைபாதிசிஸ் வரிசையில மாத்தச் சொல்லிட்டாரு. நான் செஞ்ச வரிசை அது இல்லையே. இப்படி எழுதினா பொய் ஆகாதா?” என்று கேட்டாள். பொய் இல்லை, எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

அவள் செய்தது நான்கு சோதனைகள். முதலாவது, உப்புத் தண்ணீரில் பாசிப்பயறு எவ்வளவு முளைக்கிறது என்று ஐந்து அளவு உப்பில் பார்த்தது. இரண்டாவது, விதையைச் சாலிசிலிக் அமிலத்தில் ஊறவைத்துப் பிறகு உப்பில் முளைக்கவிட்டது. தட்டு முழுக்கப் பூஞ்சை பிடித்து வீணானது. மூன்றாவதில் விதையை முதலில் பிளீச்சில் கழுவி அதையே திரும்பச் செய்தாள். ஊறவைத்ததால் முளைப்பு கூடவில்லை. ஆனால் வேர் நீளமாக இருப்பதாகத் தோன்றி, கூடவே தண்டு, ஈர எடை, உலர் எடை, இலை நிறம் எல்லாவற்றையும் அளந்தாள். வேர் மட்டும் தேறியது. நான்காவது, புது விதையில் வேர் நீளத்தை மட்டும் பார்க்கவென்றே செய்தது. அதிலும் வேர் நீண்டது.

கருதுகோள்கள் மூன்று. உப்பு முளைப்பைக் குறைக்கும். ஊறவைத்தால் முளைப்பு மீளும். ஊறவைத்தால் வேர் காப்பாற்றப்படும். ஒரு தாளில் மூன்று பத்தி போடச் சொன்னேன்: சோதனை, அது நடந்த தேதி, அது சேரும் கருதுகோளை முதன்முதலில் எழுதிய தேதி. முதல் இரண்டு கருதுகோளும் ஆரம்பத்தில் கொடுத்த ஆய்வுத் திட்டத்திலேயே இருந்தன. மூன்றாவது, மூன்றாம் சோதனை முடிந்து ஒன்பது நாள் கழித்து நோட்டின் ஓரத்தில் பென்சிலில் இருந்தது.

முதல் இரண்டு கருதுகோளுக்கும் சோதனைகளை எப்படி அடுக்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேள்வி முன்பே இருந்தது. பதிலை எந்தப் பக்கத்தில் வைத்தாலும் அதன் எடை மாறாது. படிக்கிறவருக்கு வசதி என்றால் மாற்றலாம். அவள் எந்த மாதம் எதைச் செய்தாள் என்பது தேர்வாளருக்குத் தேவையில்லாத கதை.

மூன்றாவதில்தான் சிக்கல். கைடு வரைவில் ‘மூன்றாம், நான்காம் சோதனைகள் இக்கருதுகோளை உறுதிசெய்கின்றன’ என்று இருந்தது. மூன்றாவது எப்படி உறுதிசெய்யும்? கருதுகோள் பிறந்ததே அதில்தானே! ஐந்து விஷயத்தை அளந்தால், உண்மையில் எதிலும் வித்தியாசம் இல்லாவிட்டாலும், வழக்கமான ஐந்து சதவீத அளவுகோலில் ஏதாவது ஒன்று தற்செயலாகத் தேறிவிட நூற்றுக்கு இருபதுக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. தேறிய ஒன்றைக் கருதுகோள் ஆக்கி, அதே எண்களை அதற்குச் சாட்சியாக நிறுத்தினால், சாட்சி இரண்டு என்று ஆகிவிடுகிறது. இருப்பது ஒன்றுதான், நான்காவது. உளவியலாளர் நார்பர்ட் கெர் 1998ல் இந்தப் பழக்கத்தைப் பற்றி நீளமாக எழுதினார். முடிவு தெரிந்தபின் கருதுகோள் செய்து, அதை முன்பே இருந்ததுபோல் காட்டுவது.

இன்னொன்றையும் வரைவில் பார்த்தேன், இது யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் கருதுகோளுக்கான படத்தில் ஊறவைக்காத விதைக்கு முதல் சோதனையின் எண்ணும், ஊறவைத்த விதைக்கு மூன்றாம் சோதனையின் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் முதல் சோதனை விதை பிளீச்சில் கழுவாதது. படம் காட்டியது ஊறவைத்ததன் பலனா, கழுவியதன் பலனா? மூன்றாம் சோதனைக்குள்ளேயே ஊறவைக்காத விதையும் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் காணாமல் போனது. நடந்த வரிசையில் எழுதியிருந்தால் இந்த இரண்டு எண்ணும் ஒரே படத்தில் சந்தித்தே இருக்காது.

பிறகு உப்பின் அளவு. மூன்றாவதில் அவள் 150 மில்லிமோலார் மட்டும்தான் வைத்தாள். ஏன்? முதல் சோதனையில் அந்த அளவில்தான் பாதிக்கு மேல் முளைத்தும் குறைவு தெரிந்தது. கைடு வேர் முடிவை முன்னால் கொண்டுவரச் சொன்னதில், 150 என்பது எங்கிருந்தோ குதித்து வந்த எண்ணாகிவிட்டது. ‘முன்பு கண்டபடி’ என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது. முன்பு எதுவும் இல்லை.

பீட்டர் மெடாவர் 1963ல் பிபிசி வானொலியில் அறிவியல் கட்டுரையே ஒரு மோசடியா என்று கேட்டார். உண்மைகளில் மோசடி என்று அவர் சொல்லவில்லை, யோசித்த விதத்தைத் தப்பாகக் காட்டுகிறது என்றார். எனக்கு அது கொஞ்சம் அதிகம் என்று படுகிறது. யோசித்த விதம் என்னுடைய சொந்த விஷயம், அதைக் காட்டியே தீரவேண்டும் என்று வாசகர் கேட்கமுடியாது. ஆனால் எந்த எண்ணைப் பார்த்து எதை நம்பினேன் என்பது என் சொந்த விஷயம் இல்லை. அதை வைத்துத்தான் அவர் என்னை எவ்வளவு நம்புவது என்று முடிவு செய்கிறார்.

கைடு சொன்ன வரிசையையே வைத்துக்கொண்டோம். தலைப்புகள் கருதுகோள்படி. மூன்றாவதன் கீழ் முதல் வாக்கியம் இப்படி ஆனது: ‘முளைப்பைச் சோதித்தபோது அளந்த ஐந்து பண்புகளில் வேர் நீளம் மட்டுமே மாறியிருந்தது, இதைச் சோதிக்கப் புதிய விதைத் தொகுதியில் தனிச் சோதனை செய்யப்பட்டது.’ படத்தில் மூன்றாம் சோதனையின் சொந்த ஒப்பீட்டு விதை வந்தது. “அப்ப ஹைபாதிசிஸ் ரெண்டு ஃபெயில்னு தெரிஞ்சிடுமே அக்கா” என்றாள். தெரியட்டும் என்றேன். கைடு படித்துவிட்டு ‘புதிய’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார், வேறு எதுவும் சொல்லவில்லை.

பூஞ்சை பிடித்த இரண்டாவது சோதனை எந்தக் கருதுகோளின் கீழும் உட்காரவில்லை. செய்முறைப் பகுதியில், விதையை ஏன் பிளீச்சில் கழுவினோம் என்ற இடத்தில் ஒரு வரியாகப் போய்ச் சேர்ந்தது. நாற்பது தட்டு, மூன்று வாரம்.