ஒரு மனை விளம்பரத்தின் நான்கு வரிகள்

திண்டுக்கல் பக்கம் ஒரு மனைப்பிரிவு. அதில் 30 அடிக்கு 40 அடி மனை ஒன்றை விற்க வேண்டும். படத்துக்குக் கீழே நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"டிடிசிபி ஒப்புதலும் ஊராட்சியின் இறுதி அனுமதியும் பெற்றது, எண்கள் கீழே. மனை 1,200 சதுர அடி. சதுர அடி ரூ.1,450, மொத்தம் ரூ.17,40,000, பத்திரச் செலவு தனி. இடம் பார்க்க முன்பணம் வேண்டாம்."

முதல் வரியில்தான் வழுக்கல் அதிகம். ஒப்புதல் ஒரே நாளில் கிடைப்பதில்லை. நகர் ஊரமைப்பு இயக்ககம் வரைபடத்தைப் பார்த்துத் தொழில்நுட்ப ஒப்புதல் தரும். பிறகு சாலைகளையும், விதிப்படி விட வேண்டிய பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறமே இறுதி அனுமதி. விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு 'டிடிசிபி அப்ரூவ்டு' என்று போடுகிறவர்கள் உண்டு. எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதை அப்படியே எழுதுவதே முறை. ரெரா சட்டத்தின் கீழ் வரும் மனைப்பிரிவாக இருந்தால், பதிவு செய்யாமல் விளம்பரமே போடக் கூடாது. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். வாங்குகிறவர் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். அனுமதி பெற்ற வரைபடத்தில் தம் மனை எண் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

விலையைச் சிலர் சென்ட் கணக்கில் சொல்வார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக நம் மனை ஏறக்குறைய 2.75 சென்ட், சென்ட்டுக்கு ரூ.6,31,620. எந்த அலகும் தப்பில்லை. ஒரு மனைக்குச் சதுர அடியிலும் அடுத்ததற்குச் சென்ட்டிலும் போட்டால்தான் ஒப்பிட முடியாமல் போகும். மூலை மனையில் இன்னொரு சங்கதி: சாலைத் திருப்பத்துக்காக முனையை வெட்டிவிடுவார்கள். பத்துக்குப் பத்து அடி முக்கோணம் போனால் 50 சதுர அடி குறையும், அதாவது ரூ.72,500. மீதி 1,150-க்குத்தான் விலை போட வேண்டும். 30×40 என்று மட்டும் எழுதினால் அந்தக் குறை தெரியாது.

பத்திரச் செலவு தனி என்பதை ஒளிக்கத் தேவையில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தால் சிறு தொகை அல்ல.

இடம் பார்ப்பதற்கான வரி நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த நாளில், எங்கே சந்திப்பது, பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். 'பத்து நிமிடம்' என்பது யாருடைய வண்டியில் என்று தெரியாது. அனுமதி வரைபட நகல், சர்வே எண், வில்லங்கச் சான்று மூன்றையும் வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் நாலு மூலைக் கற்களையும் கண்டுபிடித்து, டேப் பிடித்து அளந்து, வரைபடத்தில் போட்ட சாலை அகலம் தரையில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். கல் இல்லாத மூலை இருந்தால், அளந்து நட்ட பிறகு வரச் சொல்லுங்கள்.